படத்தில் இருந்த சொல், கதவில் இருந்த சொல்

வெளிநாட்டில் படிக்கப்போன ஒருவர் எழுதிய சிறுகதை ஒன்று வாசிக்கக் கிடைத்தது. இதழுக்கு அனுப்புமுன் கருத்துக் கேட்டிருந்தார். தலைப்பு இன்னும் வைக்கவில்லை, பெயரும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். கதையைப் பற்றி இங்கே எழுத அனுமதி வாங்கிக்கொண்டேன். கதையின் முடிவையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதைச்சுருக்கம். 2009 நவம்பர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் முதுகலை படிக்க வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. நாலு மாடி வீட்டின் உச்சியில், கூரைக்கு அடியில் ஒரு அறை. வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறார், எண்பது வயது தாண்டியவர். 9ஆம் தேதி திங்கட்கிழமை விடிகாலை, ஒருவாரப் பயிற்சிக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறான். கதவைப் பூட்டித் திரும்பும்போது கதவில் ஒரு தாள். கையெழுத்தில் இரண்டே வரி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாடிப்படியில் விளக்கு அணைந்துவிட, கைபேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கதை முழுக்க அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது வரி சுலபமாகப் பிடிபடுகிறது. 'வரை', 'அதற்குள்' என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல், அதை அவன் கடைப் பலகைகளில் பார்த்திருக்கிறான். அடுத்து 14.11. என்று ஒரு தேதி. ஜெர்மானியர்கள் 1 போடும்போது முன்னால் ஒரு நீண்ட ஏறுகோடு வரும், நம் கண்ணுக்கு அது 7 மாதிரி இருக்கும். ஆனால் எழுபத்தேழாவது மாதம் என்று ஒன்று கிடையாதே! நாள்காட்டியே பாதி வாசித்துக் கொடுத்துவிடுகிறது. பதினான்காம் தேதி, சனிக்கிழமை. அதற்குள் ஏதோ ஒன்று.

முதல் வரியில் ஒரே ஒரு சொல். கே என்ற பெரிய எழுத்தில் தொடங்குகிறது. பிறகு மேலும் கீழுமாக வெறும் அலை. வரிக்குக் கீழே இறங்கும் வால் இரண்டு. அவனுக்கு 'க்யுண்டிகுங்' என்ற சொல் தெரியும், போன மாதம்தான் வாடகை ஒப்பந்தத்தில் அகராதி வைத்துப் பார்த்தான். குடியிருப்பை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு என்று பொருள். கே-யில் தொடங்கும், நீளமான சொல், ஜி இரண்டு இருப்பதால் வாலும் இரண்டு. சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்!

சாதாரணமாக இந்த மாதிரிக் கதைகளில் தப்பாகப் படிப்பது ஒரு நகைச்சுவை உத்தி. எழுத்தாளருக்கு வசதியாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. அதனால் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். உண்மையில் அந்தத் தாளில் இருந்த சொல் 'கேர்வோஹெ', கூட்டிப்பெருக்கும் வாரம். அந்தப் பக்கத்து வீடுகளில் குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராக மாடிப்படியையும் வாசலையும் சுத்தம் செய்ய வேண்டும். யார் முறையோ அவர் கதவில் அடையாளம் தொங்கும். வழக்கமாக அச்சிட்ட அட்டை இருக்கும், கதையில் அது தொலைந்துபோனதால் அம்மா கையால் எழுதியிருக்கிறார்.

இரண்டு சொல்லிலும் ஒன்பது எழுத்து, இரண்டும் கே-யில் தொடங்குகின்றன. ஆனால் 'கேர்வோஹெ'யில் ஜி கிடையாது. பிறகு அந்த வால்கள் எங்கிருந்து வந்தன?

பதில் வீட்டுக்காரம்மாவின் வயதில் இருக்கிறது. அவர் 1930களில் பள்ளிக்கூடம் போனவர். அப்போது ஜெர்மன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றைய ரோமன் கூட்டெழுத்து அல்ல, குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து வகை. அதையே பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிமையாக்கியதை, வடிவமைத்தவர் பெயரால் சூட்டர்லின் என்பார்கள். 1941இல் நாஜி அரசு அதை நிறுத்திவிட்டு ரோமன் எழுத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் கற்றவர்களில் பலர் கடைசிவரை இரண்டையும் கலந்து எழுதினார்கள். அந்தப் பழைய எழுத்தில் ஹெச் என்ற எழுத்துக்கு மேலே ஒரு சுழி, கீழேயும் ஒரு சுழி. ஈ என்ற எழுத்து, நமக்குத் தெரிந்த ஈ போலவே இருக்காது, இரண்டு செங்குத்துக் கோடு சேர்ந்த என் போல இருக்கும்.

இப்போது சொல்லை வையுங்கள்: கே, ஈ, ஹெச், ஆர், டபிள்யூ, ஓ, சி, ஹெச், ஈ. இரண்டாவது எழுத்து என் போலவோ யூ போலவோ தெரியும். மூன்றாவதும் எட்டாவதும் கீழே வால் விடும். அவன் பார்த்தது பிரமை இல்லை. அந்த வால்கள் தாளில் நிஜமாகவே இருந்தன.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒன்று உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த பாட்டிகள் 'லை', 'ணை' எல்லாம் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்துத்தான் எழுதுவார்கள். பேரப்பிள்ளைகள் அந்தக் கடிதங்களைப் படிக்கையில் தடுக்கும். ஆனால் நமக்கு மாறியது சில எழுத்துகள்தான். அங்கே ஏறக்குறைய முழு நெடுங்கணக்குமே மாறியது. அதனால்தான் ரயில் காட்சி இந்தக் கதையின் சிறந்த பகுதி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் இளைஞனிடம் தயங்கித் தயங்கிக் கைபேசியை நீட்டுகிறான். அந்தப் பையன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், அவனாலும் முடியவில்லை. தன் பாட்டியும் இப்படித்தான் எழுதுவார் என்று சொல்லிச் சிரித்துக் கொடுத்துவிடுகிறான். மொழி தெரியாததால் வாசிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, மொழி தெரிந்தவனும் தோற்பதைப் பார்த்துப் பயம் குறையவில்லை, கூடுகிறது. கேட்க இனி ஆள் இல்லையே.

சரி, அப்படியானால் கவனமாகப் பார்த்தால் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். 'க்யுண்டிகுங்'கில் ஜி வருவது ஆறாம் இடத்திலும் ஒன்பதாம் இடத்திலும். அதாவது சொல் வாலோடுதான் முடிய வேண்டும். படத்திலோ இரண்டாவது வாலுக்குப் பிறகும் ஒரு எழுத்து ஓடுகிறது, முதல் வால் கே-க்கு மிக அருகில் இருக்கிறது. கதாசிரியர் இதை மறைக்கவில்லை. 'ஒரு வால் தொடக்கத்தை ஒட்டி, இன்னொன்று முடிவதற்குச் சற்று முன்' என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவன் வால்களை எண்ணினான், அவை நிற்கும் இடத்தை எண்ணவில்லை. தெரிந்த சொல் ஒன்று மனதில் வந்து உட்கார்ந்த பிறகு யாரும் எண்ணமாட்டார்கள்.

இன்னொரு தடயம் மேலே இருந்திருக்க வேண்டும். 'க்யுண்டிகுங்'கின் இரண்டாவது எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வேண்டும். 'கேர்வோஹெ'யிலோ இரண்டு ஹெச்சின் மேல்சுழிகள் உயரமாக நிற்கும். இவற்றில் எது இருக்கிறது என்று பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் ஃபிளாஷ் வெளிச்சம் தாளின் மேல் ஒட்டிய டேப்பில் பட்டுத் தெறித்ததில், கே-க்கு அப்புறம் சொல்லின் மேல்பாதி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ரோமன் எழுத்தில் அடையாளம் பெரும்பாலும் மேல்பாதியில்தான் இருக்கிறது. ஏதாவது ஆங்கில வரியின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மூடிப் படியுங்கள், பிறகு மேல்பாதியை மூடிப் படியுங்கள், தெரியும். அவன் கையில் இருந்தது கடினமான பாதி.

படம் என்ற ஏற்பாடு கதைக்கு ஏன் அவசியம் என்பது இங்கேதான் விளங்குகிறது. தாளாக இருந்திருந்தால் சாய்த்துப் பார்த்திருப்பான். கீழே இறங்கி அம்மாவிடமே கேட்டிருப்பான். படத்தில் இல்லாத வேறொன்றும் உண்டு: எதிர்க் கதவு. சட்டகத்துக்குள் அவன் கதவு மட்டும்தான். அதனால் அந்தத் தாள் அவனுக்கென்றே எழுதப்பட்டதாக, அவன் செய்த ஏதோ குற்றத்துக்கு வந்ததாகத் தோன்றுகிறது. வாரம் முழுக்க விடுதி அறையில் படுத்துக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கிறான். இரவில் குளித்தது, தாளித்த வாசனை, செருப்பு சத்தம். அந்தப் பட்டியல் அருமை, ஒரு சொல்கூட மிகை இல்லை.

ஜெர்மன் சட்டப்படி ஐந்து நாளில் காலி செய்யச் சொல்ல முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. சாதாரண வாடகைக் குடியிருப்பை வீட்டுக்காரர் முடிக்க, கையொப்பமிட்ட எழுத்து அறிவிப்பு வேண்டும், சுமார் மூன்று மாத அவகாசமும் வேண்டும். அந்தத் தாளில் கையொப்பமே இல்லை. ஆனால் இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆறு வாரம் முன் வந்தவன் சட்டத்தைக் கொண்டு பயப்படுவதில்லை.

என் குறை முடிவில்தான். 16ஆம் தேதி திரும்பி வருகிறான். மாடிப்படியில் எலுமிச்சை சோப்பு வாசனை. கீழ்த்தளத்தில் அம்மாவின் கதவோரம் ஒரு வாளி கவிழ்த்து வைத்திருக்கிறது. நாலு மாடி ஏறுகிறான். அவன் கதவில் ஒன்றும் இல்லை. எதிர்க் கதவில் அதே தாள், அதே சொல். தேதி மட்டும் 21.11.

இங்கே கதை முடிந்துவிட்டது. ஆனால் எழுத்தாளர் ஒரு பத்தி கூட்டியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, கூட்டிப்பெருக்கும் முறை பதினைந்தாம் நூற்றாண்டுக் கடைசியிலேயே ஸ்டுட்கார்ட் நகர ஆணையில் தொடங்கிய பழக்கம் என்று விளக்குகிறார், இருவரும் சிரிக்கிறார்கள். தகவல் சரிதான். ஆனால் அந்தச் சிரிப்பு கதையையே மூடிவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். போன வாரம் அவன் முறை. அவன் இல்லை. படி சுத்தமாக இருக்கிறது. வாளி அம்மாவின் கதவோரம். அப்படியென்றால் எண்பது வயதுக்காரி நாலு மாடி ஏறி அவன் படியைத் துடைத்திருக்கிறார். தன்னை வெளியே தள்ளப் பார்க்கிறார் என்று இவன் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில்! கதையின் எடையெல்லாம் அந்த வாளியில் இருக்கிறது. கதாசிரியர் அதை வைத்திருக்கிறார், ஆனால் அவன் அதைக் கடந்துபோன பிறகு கதையில் அது மறுபடி வருவதேயில்லை. எதிர்வீட்டுக்காரர் பேசத் தொடங்கியதும் வாசகனும் மறந்துவிடுவான்.

விளக்கம் இல்லாவிட்டால் தமிழ் வாசகருக்கு அந்த வழக்கம் புரியாதே என்று எழுத்தாளர் பதில் எழுதினார். நியாயமான கவலை. ஆனால் விளக்கத்தை முன்னால் வைக்கலாம், விளக்கமாக அல்லாமல். முந்தைய சனிக்கிழமை அவன் படியேறும்போது எதிர்வீட்டுக்காரர் முட்டிபோட்டுப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார், இவன் ஓரமாக ஒதுங்கிப் போனான் என்று ஒரே வாக்கியம். அவருக்கு இது என்ன பொழுதுபோக்கோ என்று அவன் நினைத்தால் போதும். பிறகு கடைசியில் எதிர்க் கதவில் 21.11. என்ற தேதியைப் பார்க்கும்போது வாசகன் தானே கணக்குப் போட்டுவிடுவான், திரும்பி வாளியையும் பார்ப்பான்.

அந்தக் கடைசிப் பத்தியை நீக்கியும் நீக்காமலும் இரண்டு வடிவம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் கீழே இறங்கிப் போய் அம்மாவின் கதவைத் தட்டினானா, என்ன சொன்னான் என்பதெல்லாம் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க அவனிடம் போதுமான ஜெர்மன் இல்லை, அது வாசகருக்கே தெரியும்.