முதல் பரிசுக்கு ஆள் உண்டு, ஆம்புலன்ஸுக்கு?

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது காரைக்குடிக் கடைகளுக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கும். "பேரன்புடையீர், பொங்கல் திருநாளை முன்னிட்டு எங்கள் நண்பர்கள் குழு சார்பில் மாபெரும் கபடிப் போட்டி நடைபெற உள்ளது. தாங்கள் இயன்ற பொருளுதவி நல்கி…" என்று தொடங்கி, "தங்கள் நிறுவனத்தின் பெயர் நோட்டீஸிலும் ஃப்ளெக்ஸிலும் இடம்பெறும்" என்று முடியும். செக்காலை ரோட்டு ஜவுளிக்கடைக்கும் புதுவயல் அரிசி ஆலைக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் அதே நகல்தான். பெறுநர் பெயர் மட்டும் மாறும்.

இந்த வழக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஊர்ப்புறக் கபடி பெரும்பாலும் இப்படித் திரட்டும் பணத்தில்தான் நடக்கிறது. முதல் பரிசு ஒருவர், இரண்டாம் பரிசு இன்னொருவர், கோப்பை மற்றொருவர் என்று உபயம் பிரிவதால் போட்டி யாருடைய தனிச் சொத்தாகவும் ஆவதில்லை. ஒரு கடை கைவிட்டாலும் ஆட்டம் நிற்காது. செட்டிநாட்டுக்குப் பங்கு பிரித்துப் பொதுக்காரியம் செய்வது புதிதும் அல்ல. மணமான ஆண் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, நகரத்தார் தங்கள் கோயில்களுக்குப் புள்ளி வரி வசூலிக்கிறார்கள். ஆனால் அங்கே திரளும் பணம் மொத்தமாகக் கோயிலுக்குப் போகிறது. தன் பங்கு எந்த விளக்குக்கு எரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. போட்டிக் கடிதம் செயல்படும் விதம் வேறு. அது ஒவ்வொரு ரூபாயையும் கண்ணில் படும் ஒரு பொருளோடு கட்டிவிடுகிறது. குறை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குக்காக ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள், 30 அணிகள், மொத்தச் செலவு 1,20,000 ரூபாய். நான்கு பரிசுகளுக்கு 55,000, கோப்பைகளுக்கு 10,000. மைக்செட், விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து 20,000. வீரர்கள் சாப்பாடு 15,000, நடுவர்களுக்கு 10,000. முதலுதவி, ஆம்புலன்ஸ், குடிதண்ணீருக்கு இன்னொரு 10,000. பரிசும் கோப்பையும் சேர்ந்த 65,000-க்கு உபயதாரர் கிடைத்துவிடுவார். மேடையில் நின்று கொடுக்கலாம், படம் வரும். மிச்சம் 55,000. நுழைவுக் கட்டணம் அணிக்கு 500 என்றால் 15,000 தேறும். பாக்கி 40,000-க்கு யார் பெயரும் இல்லை. மைக்செட்காரருக்கு முன்பணம் தராமல் முடியாது, வந்த அணிகளைப் பட்டினி போடவும் முடியாது. ஆகவே கத்தி விழுவது நடுவர் மேலும் முதலுதவி மேலும்தான். தேர்ந்த நடுவருக்குப் பதில் ஊர்ப் பையன் விசிலைப் பிடிப்பான், ஒரு போனஸ் புள்ளிக்குக் கைகலப்பு வரும். அடிபட்டவனை பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் களத்திலேயே சரிந்து உயிரிழந்தார். அதற்குப் பிறகும், 'முதலுதவி உபயம்' என்று ஒரு வரி அச்சிட்ட நோட்டீஸை நான் பார்த்ததில்லை. கடிதம் எழுதுகிறவர் கேட்காததை எந்தக் கடைக்காரரும் தானாகத் தரமாட்டார்.

இதற்குத் தீர்வு கடிதத்திலேயே இருக்கிறது. முதல் பரிசை மட்டும் தனியாக விற்காமல் அதோடு ஒரு தேவையைச் சேர்க்க வேண்டும். '20,000 முதல் பரிசு, 5,000 முதலுதவி; இரண்டும் தங்கள் பெயரில்' என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஒரு மருந்துக்கடையின் பெயர் இருந்தால், அது நாற்பது பெயர்களுக்கு நடுவில் சிக்கிய ஃப்ளெக்ஸ் பெயரைவிட நன்றாக நினைவில் நிற்கும். புதுவயல் ஆலைக்காரரிடம் ரொக்கம் கேட்பதைவிட அரிசி கேட்கலாம். 30 அணிகள் உட்கார்ந்து சாப்பிடும் பந்தலில் அந்த மூட்டைதான் அவருக்கு விளம்பரம். வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கும் பாரம்பரிய விடுதிக்காரருக்குக் கபடிக் கூட்டத்தால் வியாபாரம் கூடாது. அவரிடம் போவதானால் விளம்பரம் என்று சொல்லாமல், ஊருக்குச் செய்யும் உதவி என்றே கேட்பதுதான் நேர்மை.

இந்த நேர்மை வரவு செலவுப் புத்தகத்திலும் பார்க்கப்படும். இன்றைய கடிதம் நன்கொடையாகக் கேட்டுவிட்டு விளம்பரமாகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. இரண்டையும் சட்டம் வெவ்வேறாகப் பார்க்கிறது. வியாபாரத்தை விளம்பரப்படுத்தும் நோக்கமின்றி, அறநிறுவனம் ஒன்று நன்றிக்காக மட்டும் கொடையாளர் பெயரைப் பொறித்தால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2019 அக்டோபரில் மத்திய அரசு சுற்றறிக்கை வெளியிட்டது. கடையின் பெயரைப் பரப்புவதற்காக வாங்கும் பணம் ஸ்பான்சர்ஷிப்; அதற்கு வரி 18 சதவீதம். ஜவுளிக்கடை ஒரு கூட்டு நிறுவனமாக இருந்து, இளைஞர் குழு ஒன்றுக்கு 20,000 ரூபாய் ஸ்பான்சர் செய்தால், அந்த 3,600-ஐக் கட்டும் பொறுப்பு கடைமேலேயே விழும். இது குழுவில் யாருக்கும் தெரியாது, கடைக்காரரின் ஆடிட்டருக்குத் தெரியும். 'நன்கொடை' என்று ரசீது கொடுத்தால் அதை விளம்பரச் செலவாக எழுத அவர் தயங்குவார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது செலவாகவே ஏற்கப்படாது. குழுவுக்கு வங்கிக் கணக்கு இல்லாமல் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் போனால் சிக்கல் இன்னும் கூடும். கேட்டது 20,000, வந்தது 2,000 என்று குழு வருந்துகிறது. அந்த 2,000, முதலாளி கல்லாவிலிருந்து கணக்கில் எழுதாமல் எடுத்துக்கொடுக்கும் தொகை. பதிவு பெற்ற சங்கமும் அதன் பெயரில் வங்கிக் கணக்கும் இருந்து, நன்கொடையா விளம்பரமா என்று கடிதம் தெளிவாகச் சொன்னால் பெரிய தொகைக்கு வழி பிறக்கும்.

விளம்பரம் என்று சொன்னால் சொன்னதைச் செய்யவும் வேண்டும். 'நகரெங்கும் பத்து ஃப்ளெக்ஸ்' என்று எழுதிக் கொடுப்பது குழுவின் கையில் இல்லாத வாக்குறுதி. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியில், அனுமதியில்லாத ஃப்ளெக்ஸை அவிழ்த்துப் போக அதிகாரிகளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சரிந்த பேனரால் ஓர் இளம்பெண் உயிரிழந்ததை அறிந்த எந்த வியாபாரியும் தன் பெயர் சாலையோரம் தொங்குவதை விரும்பக் கூடாது. அதோடு, கபடிப் போட்டிகள் இப்போது யூடியூபில் நேரலையாகப் போகின்றன. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அதில்தான் ஆட்டம் பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணில் விடாமல் படுவது வீரர்களின் பனியனும் நடுவரின் சட்டையும்தான். நடுவர் சட்டையில் ஒரு கடையின் பெயரைப் போட்டு, நடுவர் ஊதியத்தை அந்தக் கடையிடம் கேட்டால், விடுபட்ட 10,000 அங்கிருந்தே வரும்.

கேட்கும் காலமும் பிசகுகிறது. ஜவுளிக்கடைகள் விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி தீபாவளியோடு தீர்ந்துவிடும். பொங்கல் போட்டிக்கான கடிதம் புரட்டாசியில் போக வேண்டும். போட்டி முடிந்து இரண்டு வாரத்துக்குள் படங்களோடும் ரசீது நகல்களோடும் வரவு செலவுத் தாள் ஒன்று ஒவ்வொரு கடைக்கும் போக வேண்டும். கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை அச்சிட்டு ஒட்டும் ஊர்களே போட்டிக்கு அதைச் செய்வதில்லை. அதனால் அடுத்த ஆண்டு அதே கடையில் தொகை குறைகிறது. மூன்றாம் ஆண்டு, முழுச் செலவையும் ஏற்பதாக வட்டி ஆசை காட்டி டெபாசிட் திரட்டும் நிறுவனம் ஒன்று வந்து நிற்கும்போது மறுக்கும் நிலையில் குழு இருப்பதில்லை. ஊர் இளைஞர்களின் பனியனில் அந்தப் பெயர் ஏறுவதை ஊர்க்காரர்கள் நற்சான்றாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரே நிறுவனத்தின் பணத்தைவிட இருபது கடைகளின் ஐயாயிரங்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.