எல்லைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

இலங்கையில் உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் மாணவரும் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக் கணிதம் படிக்கும் மாணவரும் நுண்கணிதத்துக்குள் நுழையும் வாசல் ஒன்றுதான்: எல்லை, பிறகு தொடர்ச்சி. எல்லையின் முறையான வரையறையை, அதாவது எப்சிலனும் டெல்டாவும் வரும் அந்த ஒற்றை வாக்கியத்தை, இரண்டு இடங்களுமே பள்ளியில் சொல்வதில்லை. இலங்கைப் பாடத்திட்டம் எல்லையையும் தொடர்ச்சியையும் உள்ளுணர்வால் விளங்கிக்கொள்ளும் கருத்துகளாகவே வைக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல், x ஒரு புள்ளிக்கு இருபுறமிருந்தும் போதிய அளவு நெருங்கும்போது f(x) ஓர் எண்ணுக்குப் போதிய அளவு நெருங்கினால் அந்த எண்ணே எல்லை என்கிறது. மத்திய வாரியப் பள்ளிகளின் என்.சி.இ.ஆர்.டி. நூல், பக்கத்து மதிப்புகளைப் பார்த்து அந்தப் புள்ளியில் நாம் எதிர்பார்க்கும் மதிப்பே எல்லை என்று தொடங்குகிறது. வரையறையை விட்டது பிழையில்லை. பதினாறு வயதில் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் எதுவும் வந்துவிடாது. ஆனால் அது செய்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். அந்த வேலையில் ஒரு பாதியை இந்தியாவும் மறு பாதியை இலங்கையும் செய்கின்றன. நடுவில் இருக்க வேண்டிய ஒரு கேள்வி இரண்டிலும் விடுபட்டுப்போகிறது என்பதே என் வாதம்.

இந்தியப் பக்கம் வலுவாக இருப்பது அட்டவணையும் ஒருபக்க எல்லையும். x-க்கு 2.9, 2.99, 2.999 என்றும் 3.1, 3.01, 3.001 என்றும் மதிப்புக் கொடுத்து, f(x) எங்கே போகிறது என்று மாணவரைப் பார்க்கவைக்கிறார்கள். அடுத்து, துண்டு துண்டாக வரையறுத்த சார்புகள் வருகின்றன. இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை, சார்பின் மதிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே கண்டு, மூன்றும் சமமானால் தொடர்ச்சி உண்டு என்று முடிப்பார்கள். தொடர்ச்சி அமைய k-இன் மதிப்பைக் காண்க என்ற வினா இதன் நேர்வாரிசு. இதில் ஓர் உண்மையான லாபம் இருக்கிறது. புள்ளிக்கு அருகில் நடப்பது வேறு, புள்ளியில் நடப்பது வேறு என்பது மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. எல்லை f(a)-ஐக் கேட்பதே இல்லை என்பதை இந்த வழி நன்றாகக் காட்டுகிறது.

இலங்கையில் எடை வேறு பக்கம் விழுகிறது. ஒருபக்க எல்லையும் தொடர்ச்சியும் பாடத்திட்டத்தில் இருந்தாலும், மாணவரின் உழைப்பு பெரும்பாலும் எல்லையைக் கணித்துக் காட்டுவதில் செலவாகிறது. (xⁿ − aⁿ)/(x − a)-இன் எல்லை naⁿ⁻¹ என்ற தேற்றமும், (sin x)/x-இன் எல்லை 1 என்பதும் இரண்டு கருவிகள். தந்த கோவையை இவை வெளிப்படும் வடிவத்துக்கு மாற்றி, எல்லை இன்னதெனக் காட்டுக என்ற வினாவுக்கு ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டு போக வேண்டும். லோபிதால் விதி பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பதால் குறுக்கு வழி இல்லை. விளைவாக, விடை மட்டும் போதாது, நியாயம் வேண்டும் என்ற பழக்கம் ஊறுகிறது. அட்டவணையைப் பார்த்து ஊகிப்பது ஒரு நிரூபணமாகாது என்பதை இலங்கை மாணவர் சொல்லாமலே அறிகிறார்.

இனி இரண்டின் குறையையும் பார்ப்போம். அட்டவணை முறையில், நெருங்கிக்கொண்டே போகிறது என்ற சொற்களே வரையறையின் இடத்தில் நிற்கின்றன. x பூச்சியத்தை நெருங்கும்போது x² + 1-இன் மதிப்புகள் 1.01, 1.0001 என்று குறைகின்றன. அவை 1-ஐ நெருங்கிக்கொண்டே போகின்றன, 0.5-ஐயும் நெருங்கிக்கொண்டேதான் போகின்றன, ஒவ்வொரு படியிலும் தூரம் குறைகிறது. அப்படியானால் எல்லை ஏன் 0.5 இல்லை? நெருங்குதல் என்ற சொல்லில் இதற்கு விடை கிடையாது. இன்னும் கடுமையான சான்று sin(π/x). x = 0.1, 0.01, 0.001 என்று போட்டால் மூன்று முறையும் விடை பூச்சியம். அட்டவணையை நம்பினால் எல்லை பூச்சியம் என்று எழுதிவிடலாம். ஆனால் x = 2/201 என்று, அதாவது 0.01-க்குச் சற்றே கீழே போட்டால் விடை 1; x = 2/203 என்றால் −1. பூச்சியத்துக்கு எவ்வளவு அருகில் போனாலும் இப்படிப்பட்ட இடங்கள் காத்திருக்கின்றன. எல்லையே இல்லாத சார்புக்கு, அட்டவணை ஓர் எல்லையை எடுத்துக் கொடுத்துவிட்டது.

கணித்துக் காட்டும் முறையின் குறை இதைவிட நுட்பமானது. (x² − 9)/(x − 3)-இல் x என்பது 3 ஆகாது என்று சொல்லிக்கொண்டு x − 3-ஐ வெட்டுகிறோம். x + 3 மிஞ்சுகிறது. அடுத்த வரியிலேயே x = 3 என்று பிரதியிட்டு 6 என்கிறோம். ஒரு வரியில் கூடாது என்றது மறு வரியில் எப்படிக் கூடும்? முதல் கோட்பாட்டிலிருந்து பெறுதி காணும்போதும் h பூச்சியமல்ல என்று சொல்லி வகுத்துவிட்டு, பிறகு அதையே பூச்சியமாக்குகிறோம். 1734-இல் பிஷப் பார்க்லி நியூட்டனின் நுண்கணிதத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டு இதுவே. கவனமாகப் படிக்கும் மாணவருக்கும் இந்த ஐயம் வரத்தான் செய்யும். x + 3 என்ற சார்பு 3-இல் தொடர்ச்சியானது, ஆகவே அதன் எல்லையும் மதிப்பும் ஒன்று என்பதே சரியான பதில். ஆனால் தொடர்ச்சி என்பது எல்லையை வைத்துத்தான் பின்னால் விளக்கப்படுகிறது. (xⁿ − aⁿ)/(x − a) தேற்றத்தின் நிரூபணத்திலும் கடைசி வரியில் இதே பிரதியீடு ஒளிந்திருக்கிறது. எல்லைத் தேற்றங்களை நிரூபணமின்றி ஏற்கும் இந்திய நூல்களிலும் இந்த வட்டம் உடையவில்லை.

இரண்டு குறைகளையும் ஒரே கேள்வி தீர்க்கிறது. f(x) அந்த எண்ணிலிருந்து இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒருவர் முதலில் கேட்கட்டும். x-ஐ எவ்வளவு அருகில் வைத்தால் அது நிச்சயம் என்று மற்றவர் பதில் சொல்லட்டும். கிரேக்க எழுத்து வேண்டாம், எண்களே போதும். x² என்பது 9-இலிருந்து 0.07-க்குள் வேண்டும் என்று கேட்டால், x² − 9 = (x − 3)(x + 3) என்று பிரிக்கிறோம். x என்பது 2-க்கும் 4-க்கும் இடையே இருக்கும்வரை x + 3 எப்போதும் 7-க்குக் கீழே. ஆகவே x² − 9 என்ற வித்தியாசம் x − 3-இன் 7 மடங்கைத் தாண்டாது. x-ஐ 3-இலிருந்து 0.01-க்குள் வைத்தால் போதும். 3.01-இன் வர்க்கம் 9.0601 என்று சரிபார்த்தும் கொள்ளலாம். 0.0007-க்குள் வேண்டுமென்றால் 0.0001. எதைக் கேட்டாலும் ஏழால் வகுத்துப் பதில் சொல்லலாம்; ஏழால் வகுத்து வருவது 1-க்கு மேல் போனால் 1 என்றே சொல்லலாம். எல்லை 9 என்பதன் முழுப்பொருளும் இதுதான். x + 3-க்கோ வகுக்கவும் தேவையில்லை, கேட்ட அளவே பதில் அளவு. அதனால்தான் அந்தப் பிரதியீடு நியாயமாகிறது. x² + 1-க்கு 0.5 எல்லையாகாததும் இங்கே தெளிவாகிறது: 0.5-இலிருந்து 0.1-க்குள் கொண்டுவா என்றால் எந்த x-ஆலும் முடியாது. sin(π/x) பூச்சியத்திலிருந்து 0.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்டாலும் பதில் கிடையாது.

இந்தக் கேள்வி இலங்கையின் நிரூபணப் பழக்கத்தோடு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு (sin x)/x சாட்சி. 0-க்கும் π/2-க்கும் இடைப்பட்ட x-க்கு, வட்டக்கோணப் பகுதியின் பரப்பை ஒப்பிட்டு (sin x)/x என்பது cos x-க்கும் 1-க்கும் இடையே அகப்படுகிறது என்று இரு நாட்டிலும் காட்டுகிறார்கள். cos x பிறகு 1-ஐ நெருங்குகிறது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அங்கே ஒரு வரி கூட்டினால் போதும்: 1 − cos x = 2 sin²(x/2), அது x²/2-ஐவிடக் குறைவு. ஆக (sin x)/x 1-இலிருந்து விலகும் அளவு x²/2-க்குள். x-ஐ 0.1 ரேடியனுக்குள் வைத்தால் விலகல் 0.005-க்குள் நிற்கும். வாக்குறுதியாக இருந்த எல்லை, அளக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

தொடர்ச்சியிலும் இதே பயன் உண்டு. பேனாவைத் தூக்காமல் வரையக்கூடிய வரைபடம் என்ற விளக்கம் எங்கும் புழங்குகிறது. ஆனால் என்.சி.இ.ஆர்.டி. நூலே 1/x தன் சார்பகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சியானது என்கிறது. அதன் வரைபடத்தையோ பேனா தூக்காமல் வரைய முடியாது. இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் மாணவர் எதை நம்புவார்? கேள்வியை ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே கேட்க வேண்டும், பூச்சியம் சார்பகத்திலேயே இல்லாததால் அங்கே கேள்வியே எழாது என்றால் முரண் விலகும். இதற்கு மாறாக மீப்பெரு முழுவெண் சார்புக்கு 2-இல் மதிப்பு 2, சற்று இடப்பக்கம் 1. 2-இலிருந்து 0.5-க்குள் வை என்ற கேள்விக்கு எந்த நெருக்கமும் பதிலாகாது. தொடர்ச்சியின்மை என்பது, நிறைவேற்ற முடியாத ஒரு கேள்வி இருக்கிறது என்பதே. இந்திய மாணவர் செய்யும் மூன்று மதிப்புச் சோதனை எதைச் சோதிக்கிறது என்பதும் இங்கேதான் புரிகிறது.

இதை மறுப்பவர்கள் சொல்வதில் வலு உண்டு. முதலாவது, வரலாறு: ஆய்லர் இந்த வரையறை இல்லாமலே மாபெரும் கணிதம் செய்தார், மாணவருக்கு மட்டும் எதற்கு? ஆனால் 1821-இல் கோஷி, தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட ஒருங்கும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று எழுதினார். 1826-இல் ஆபெல் அதற்கு விதிவிலக்கு காட்டினார். எது முதலில் தரப்படுகிறது, எது அதற்குப் பதிலாக வருகிறது என்ற வரிசை தெளிவாகாததே அங்கே சிக்கல். கோஷிக்கே வழுக்கிய இடத்தில் மாணவர் தானாக நிலைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டாவது, லோபிதால் விதி: தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் அது வந்துவிடுகிறதே, பிறகு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் (sin x)/x-க்கு அதைப் பயன்படுத்த sin-இன் வகைக்கெழு வேண்டும்; அந்த வகைக்கெழுவைக் காணவோ இதே எல்லை வேண்டும். விதி வேகத்தைத் தரும், அடித்தளத்தைத் தராது.

மூன்றாவது மறுப்பே கனமானது: நேரமில்லை. இரு நாட்டிலும் பாடத்திட்டம் பெரிது, தேர்வு நெருக்கும். அதனால்தான் முறையான வரையறையை நான் கேட்கவில்லை. பெருக்கலின் எல்லைத் தேற்றத்தை நிரூபிக்கவும் வேண்டாம். ஒரு நேர்கோடு, x², (sin x)/x, ஒரு படிச்சார்பு என நான்கு உதாரணங்களில் எண்ணைக் கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் கண்டாலே போதும். சமனிலிகளை ஏற்கெனவே படித்த மாணவருக்கு அது ஒரு வகுப்பு வேலை. இலங்கை ஆசிரியர் தமது நிரூபண ஒழுங்கில் இதைப் பிரதியீட்டு வரிக்கு முன்னால் வைக்கலாம். இந்திய ஆசிரியர் அட்டவணையின் தலைப்பில், x-ஐ எழுதுமுன் கேட்ட அளவை எழுதவைக்கலாம். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் எப்சிலன் வரும்போது, அது மாணவர் முன்பே கேட்ட கேள்வியின் சுருக்கெழுத்தாக மட்டுமே இருக்கும்.