குழாயில்லாத சுவரில் ஈரம்: ஊசி ஈரமானி எவ்வளவு உதவும்?

திருப்பதி பைராகிப்பட்டடையில் நண்பர் வீட்டு முதல் மாடிப் படுக்கையறை. சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்குள் குழாய் எதுவும் ஓடவில்லை. ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால் மழைமேல் சந்தேகப்படலாம். இதுவோ சித்திரை வெயில். முதல் மாடி என்பதால் நிலத்து ஈரம் ஏறி வரவும் வழியில்லை. ஊசி ஈரமானியைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சுவர் கிடைக்காது.

உள்ளங்கையில் அடங்கும் கருவி இது. இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதைச் சதவீதமாகக் காட்டும். அந்தச் சதவீதம் மரத்துக்கானது. சிமென்ட் பூச்சில் 20 என்று வந்தால் அதை ஒப்பிடத்தான் பயன்படுத்தலாம். அதனால் முதலில் அதே வீட்டில் காய்ந்த சுவர் ஒன்றைத் தொட்டேன்: 6.

பிறகு ஈரச் சுவரில் பென்சிலால் அடிக்கொரு கட்டம் போட்டு அளந்தோம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்த நடுப்பகுதியில் 30, இடது மூலையில் 28. இங்கேதான் கருவி ஏமாற்றும். உப்பு படிந்த இடம், ஈரம் குறைவாக இருந்தாலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மேற்பரப்பு உப்பைத் தொடாதபடி, நுனியும் தலையும் தவிர மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் உறை போட்ட இரண்டு கான்கிரீட் ஆணிகளை, ஊசிகளின் இடைவெளியிலேயே துளை போட்டு ஓரங்குல ஆழம் அடித்து, அவற்றின் தலையில் ஊசிகளை வைத்தோம். நடுவில் 14ஆக இறங்கியது. மூலையில் 27 அப்படியே நின்றது. அந்த மூலைக்குப் பின்னால் குளியலறை. (சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆணி அடிக்கவே கூடாது, வயர் போகும் பாதை அது.)

அடுத்து, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தோம். காலையில் குறையவில்லை. 1,000 லிட்டர் தொட்டியில் நுண்ணிய கசிவு தெரியாது என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. குளியலறைக்குப் போகும் வால்வைத் திறந்தே வைத்து, சில நாள் யாரும் அங்கே குளிக்காமல் பார்த்தோம். ஆணி அளவு 21க்கு இறங்கியது. குழாய்க்குள் தண்ணீர் நின்றும் ஈரம் குறைகிறது என்றால், சந்தேகம் கழிவுநீர்ப் பக்கம் திரும்புகிறது.

தரை டிராப்பின் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, ஓரங்குலத் தண்ணீர் தேக்கினோம். மறுநாளும் 21தான், டைல்ஸ் இணைப்புகள் தப்பித்தன. அடைப்பை எடுத்துவிட்டு வாளி வாளியாக டிராப்பில் ஊற்றினோம். அடுத்த நாள் 26.

டிராப்பைச் சுற்றி நான்கு டைல்களை மட்டும் பெயர்த்தார் பிளம்பர். டிராப்பும் குழாயும் சேரும் இணைப்பு விலகியிருந்தது. கீழே நிரப்பிய செங்கல் ஜல்லி முழுக்க ஊறிக் கிடந்தது.

கசிவு இருக்கும் இடத்தை இந்தக் கருவி சுட்டிக்காட்டாது. ஈரம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று மட்டும் சொல்லும். அளவுகளைத் தேதியோடு எழுதி வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பழுது பார்த்த கையோடு பெயின்ட் அடித்துவிடாதீர்கள். ஆணி அளவு காய்ந்த சுவரின் அளவுக்கு இறங்கும்வரை பொறுங்கள்.