ஃபார்வர்ட் ஆன மடலுக்கு யார் பொறுப்பு?

பல பல்கலைக்கழகங்கள் தம் முன்னாள் மாணவர்களுக்கு நிரந்தர மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தருகின்றன. பெரும்பாலும் அந்த முகவரிக்கென்று அஞ்சல்பெட்டி இருக்காது. வருவதையெல்லாம் மாணவர் சொல்லிவைத்த வேறொரு முகவரிக்கு சர்வர் ஃபார்வர்ட் செய்துவிடும். இதை நம்பியிருப்பவருக்கு நண்பர்களின் மடல் ஒழுங்காக வரும். வங்கியின் மடல் மட்டும் வராமல் போகும். எஸ்ஆர்எஸ் என்னும் முகவரி மாற்று முறை இதற்கான தீர்வாக முன்வைக்கப்படுகிறது. என் கணிப்பில் அது சிக்கலின் ஒரு பாதியைச் சரியாகத் தீர்க்கிறது, மறுபாதியைத் தொடுவதே இல்லை.

சோதனை எங்கே இடறுகிறது

ஒவ்வொரு மடலுக்கும் அனுப்புநர் முகவரி இரண்டு உண்டு. ஒன்று, படிப்பவர் கண்ணில் படும் `From:` வரி. மற்றொன்று, சர்வர்கள் பேசிக்கொள்ளும்போது `MAIL FROM` கட்டளையில் சொல்லப்படும் உறை முகவரி. மடல் போய்ச் சேராவிட்டால் தகவல் திரும்ப வேண்டிய இடம் இதுதான். எஸ்பிஎஃப் சோதனை பார்ப்பது இந்த இரண்டாவதை மட்டுமே. டொமைனின் உரிமையாளர் தன் பெயரில் மடல் அனுப்பக்கூடிய சர்வர்களை டிஎன்எஸ்ஸில் அறிவிக்கிறார். இணைப்பில் வந்திருக்கும் ஐபி அந்தப் பட்டியலில் உண்டா என்று பெறும் சர்வர் பார்க்கிறது.

ஒரு மாதிரி வங்கியின் அறிவிப்பு இது:

```
bank.example.  TXT  "v=spf1 ip4:192.0.2.10 -all"
```

இந்த ஓர் ஐபியைத் தவிர வேறெங்கிருந்து வந்தாலும் என்னுடையதல்ல என்பதே கடைசியிலுள்ள `-all` சொல்வது. வங்கியின் மடல் பல்கலைக்கழக சர்வருக்கு வரும்போது சோதனை தேறிவிடுகிறது. பிறகு 198.51.100.25 என்ற ஐபியில் இயங்கும் அந்த சர்வர், மாணவரின் பெட்டி இருக்கும் சர்வரோடு இணைந்து, உறை முகவரியை மாற்றாமல் அப்படியே சொல்கிறது:

```
MAIL FROM:<bills@bank.example>
```

பெறும் சர்வருக்குத் தெரிவது, வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு ஐபி வந்து நிற்பது மட்டுமே. திருட்டு மடலும் இப்படித்தான் வரும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய எஸ்பிஎஃப்-க்கு வழியில்லை. கண்டிப்பான சர்வர் `550 5.7.23` என்று மறுத்துவிடும். பல்கலைக்கழக சர்வரோ மடலை ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது. ஆகவே அது வங்கிக்கு பவுன்ஸ் அனுப்புகிறது. தான் எழுதியே இராத ஒரு தனி முகவரி மறுத்ததாக வங்கிக்குத் தகவல் போகிறது. மாணவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

இந்த முரணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1982-இல் வந்த ஆர்எஃப்சி 821-இன்படி, மடலைக் கடத்திவிடும் ஒவ்வொரு சர்வரும் திரும்பும் பாதையின் முன்னால் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். பவுன்ஸ் வந்த வழியே திரும்பிப் போகும். 1989-இல் ஆர்எஃப்சி 1123 அந்தப் பாதைமுறையைத் தவிர்க்கச் சொன்னது. மாற்றுப்பெயர் முகவரிக்கு வரும் மடலை அனுப்புகையில் உறை முகவரியை மாற்றாமல் விடவும் சொன்னது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் அனுப்ப முடிந்த அந்நாளில் அது எளிய, நல்ல வழி. 2006-இல் எஸ்பிஎஃப் ஆர்எஃப்சி 4408 ஆக வெளிவந்தபோது அந்த வழக்கம் எங்கும் வேரூன்றியிருந்தது.

எஸ்ஆர்எஸ் செய்வது என்ன

கைவிடப்பட்ட திரும்பும் பாதையை எஸ்ஆர்எஸ் ஒரே முகவரிக்குள் மடித்து வைக்கிறது. அது இருந்தால் பல்கலைக்கழக சர்வர் இப்படிச் சொல்லும்:

```
MAIL FROM:<SRS0=x7Kd=QM=bank.example=bills@alumni.example>
```

டொமைன் இப்போது பல்கலைக்கழகத்தினுடையது. அதன் எஸ்பிஎஃப் பட்டியலில் அதன் ஐபி இருப்பதால் சோதனை தேறுகிறது. `From:` வரியில் வங்கியின் பெயர் மாறாமல் இருக்கிறது. பவுன்ஸ் வந்தால் அது பல்கலைக்கழகத்துக்கே வரும். அங்குள்ள சர்வர் முகவரியைப் பிரித்து `bills@bank.example` என்று மீட்டு அனுப்பிவைக்கும்.

`x7Kd` என்பது சர்வருக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சாவியைக் கொண்டு கணித்த முத்திரை. அது இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் இப்படியொரு முகவரியைக் கட்டி, பல்கலைக்கழகத்தின் வழியே ஊரெல்லாம் ஸ்பாம் அனுப்பிவிடலாம். `QM` என்பது நாள்குறி. சில வாரங்கள் கழிந்தால் முகவரி காலாவதியாகிவிடும். வேண்டிய விவரம் அனைத்தும் முகவரியிலேயே இருப்பதால் சர்வர் எந்தத் தரவுத்தளமும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த முறையின் தனிச்சிறப்பாக நான் கருதுவது இதைத்தான்.

எட்டாத இடங்கள்

முதல் குறை டிமார்க் சோதனையில் தெரிகிறது. எஸ்பிஎஃப் தேறினால் மட்டும் டிமார்க்குக்குப் போதாது. தேறிய டொமைனும் `From:` வரியின் டொமைனும் பொருந்த வேண்டும். எஸ்ஆர்எஸ்ஸுக்குப் பின் தேறுவது `alumni.example`, கண்ணில் படுவது `bank.example`. ஆகவே டிமார்க்கைப் பொறுத்தவரை எஸ்பிஎஃப் வழி அடைந்தேதான் கிடக்கிறது. மிச்சமிருப்பது வங்கி மடலின் மேல் இட்ட டிகிம் கையொப்பம். மடலின் உள்ளடக்கம் மாறாதவரை எத்தனை சர்வர்களைக் கடந்தாலும் அது செல்லும். நடுவில் தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தாலோ அடியில் ஒரு குறிப்பை ஒட்டினாலோ கையொப்பம் பெரும்பாலும் முறிந்துவிடும்.

அப்படியானால் டிகிம் மட்டும் போதுமே, எஸ்ஆர்எஸ் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் படிநிலையைக் கவனிக்க வேண்டும். கண்டிப்பான சர்வர் `MAIL FROM` கட்டத்திலேயே எஸ்பிஎஃப் பார்த்து மறுத்துவிட்டால், மடலின் உடல் வரவே வராது. உடலோடு வரும் டிகிம் கையொப்பத்தைப் படிக்க வாய்ப்பே கிடைக்காது. கையொப்பம் படிக்கப்படும் கட்டம்வரை மடலைக் கொண்டுசேர்ப்பது எஸ்ஆர்எஸ்தான்.

இரண்டாம் குறை பொறுப்பு சார்ந்தது. முகவரியை மாற்றி எழுதும்போது, பல்கலைக்கழகம் அந்த மடலைத் தன் பெயரில் அனுப்புகிறது. வந்து விழும் ஸ்பாமை வடிகட்டாமல் கடத்தினால் அந்தக் கறை அதன் டொமைன் மேலேயே படியும், நாளடைவில் நல்ல மடல்களும் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். பழைய முறையில் கடத்துபவரின் டொமைன் இந்தப் பழிக்கு வெளியே நின்றது. இதைச் சுமை என்று ஒதுக்க நான் தயாரில்லை, கடத்துபவர் ஏற்க வேண்டிய பொறுப்பே இது. ஆனால் வடிகட்டி இல்லாமல் எஸ்ஆர்எஸ்ஸை மட்டும் நிறுவுவது தவறு.

மூன்றாவது, நீளம். `@` குறிக்கு முன்னுள்ள பகுதிக்கு 64 எழுத்து வரம்பு உண்டு. மொத்தமாக மடல் அனுப்பும் நிறுவனங்கள் பவுன்ஸைக் கண்காணிக்க நீண்ட முகவரிகளை வைத்திருக்கின்றன. அதோடு டொமைனும் முத்திரையும் சேர்ந்தால் வரம்பு மீறும். சில சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில மறுக்கும்.

தேறியதை அறிவது

ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வந்து சேர்ந்த மடலின் மூலத்தைத் திறந்தால் போதும்.

```
Authentication-Results: mx.inbox.example;
  spf=pass smtp.mailfrom=alumni.example;
  dkim=pass header.d=bank.example;
  dmarc=pass header.from=bank.example
```

முதல் விடை எஸ்ஆர்எஸ் தந்தது, இரண்டாவது வங்கியின் கையொப்பம் தந்தது. மூன்றாவது விடை இரண்டாவதை நம்பியே நிற்கிறது. இரண்டாவது `fail` ஆனால், எஸ்ஆர்எஸ் எவ்வளவு சரியாக இயங்கினாலும் டிமார்க் விழும். அப்போது நோண்ட வேண்டியது எஸ்ஆர்எஸ் அமைப்பை அல்ல. வங்கி கையொப்பமிடுகிறதா, வழியில் யாரேனும் மடலைத் திருத்துகிறார்களா என்பதைத்தான்.

யார் அனுப்பினார் என்பதை டிகிம் சொல்லட்டும். இப்போது யார் கொண்டுவந்தார், தவறினால் யாரிடம் திரும்ப வேண்டும் என்பதை எஸ்ஆர்எஸ் சொல்லட்டும். மடலை ஃபார்வர்ட் செய்யும் நிறுவனம் முகவரியை மாற்றி எழுதவும், உள்ளடக்கத்தைத் தொடாமல் விடவும், ஸ்பாமை முன்னமே வடிகட்டவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாணவரின் வங்கி மடல் மறுபடி தொலையும்.