தாமதமாக வரும் ‘ஆன்’: மொஸ்கிட்டோ புரோக்கர் ஒரு சோதனை

ஜனக்புரியில் எங்கள் மோட்டாருக்கு ஒரு இஎஸ்பி32 ரிலே பலகை. சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதுதான் வேலை. கட்டளைகளைக் கைமாற்றுவது, வீட்டில் இன்வெர்ட்டரில் ஓடும் ராஸ்பெரி பையில் நிறுவிய மொஸ்கிட்டோ 2 என்ற இலவச புரோக்கர். கரண்ட் போனால் பலகை அணைந்துவிடும், புரோக்கர் விழித்திருக்கும். அந்த இடைவெளியில் அனுப்பிய ‘ஆன்’ என்னவாகிறது? மோட்டார் ஒயரைக் கழற்றி ரிலேயில் ஒரு பல்பை மாட்டிப் பார்த்தேன்.

வரிசையில் காத்திருப்பது தானாக நடப்பதில்லை. பலகை ஒரே அடையாளப் பெயருடன், க்ளீன் ஸ்டார்ட்டை அணைத்து வர வேண்டும். க்யூஓஎஸ் 1-இல் சந்தா எடுத்திருக்க வேண்டும். கட்டளையும் க்யூஓஎஸ் 1-இல் போக வேண்டும். எம்க்யூடிடி 5-இல் செஷன் காலம் குறிப்பிடாவிட்டால் அது பூஜ்யம். இணைப்பு அறுந்ததுமே வரிசையும் போய்விடும். நான் பலகைக்கு 86400 விநாடி, அதாவது ஒரு நாள், கொடுத்தேன். பிறகு கட்டளை:

```
mosquitto_pub -V mqttv5 -q 1 -t veedu/motor/set -m ON \
  -D publish message-expiry-interval 600
```

பலகையை அணைத்துவிட்டு இதை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் உயிர்ப்பித்தால் பல்பு எரிந்தது. இருபது நிமிடம் கழித்து உயிர்ப்பித்தால் எரியவில்லை. காலாவதிப் பகுதியை எடுத்துவிட்டால், செஷனின் அந்த ஒரு நாளுக்குள் எத்தனை மணி நேரம் ஆனாலும் எரிந்தது. சம்ப் காய்ந்த நேரத்தில் அப்படி வரும் ‘ஆன்’ மோட்டாரை வெறுமனே சுழலவிடும். ‘ஆஃப்’ தாமதமாக வந்தால் கெடுதல் இல்லை; அதற்குக் காலாவதி வேண்டாம்.

குறை ஒன்று: காலாவதியான கட்டளை சத்தமில்லாமல் மறைகிறது. அனுப்பியவருக்கு வரும் ஒப்புதல் புரோக்கர் வாங்கிக்கொண்டதற்கானது, மோட்டார் ஓடியதற்கல்ல. ரிலே மாறியபின் பலகையே veedu/motor/nilai என்ற தலைப்பில் நிலையைச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வந்தால்தான் நம்பலாம்.

இன்னொன்று நெறிமுறையிலேயே இருக்கிறது. பலகைக்கு அனுப்பத் தொடங்காத செய்தியைத்தான் காலம் கடந்தபின் புரோக்கர் கட்டாயம் நீக்க வேண்டும். அனுப்பி, ஒப்புதல் வராமல் தொங்கும் செய்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பலகை செத்ததைப் புரோக்கர் அறிய, உயிர்த்துடிப்பு இடைவெளியைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். 60 விநாடி என்றால் 90. அதற்குள் அனுப்பியதெல்லாம் இந்த வகைதான். எனவே கட்டளையிலேயே முடிவு நேரத்தை எழுதிப் பலகையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் கரண்ட் போய் வந்த பலகையின் கடிகாரம் 1970-இல் தொடங்கும். அந்தக் கணக்கில் எந்தப் பழைய கட்டளையும் புதிதாகவே தெரியும். என்டிபி மூலம் நேரம் சரியாகும்வரை எந்த ‘ஆன்’-ஐயும் ஏற்கக் கூடாது.

விளக்கு, விசிறிக்கு மொஸ்கிட்டோவின் காலாவதி மட்டுமே போதும். மோட்டாருக்கு அதோடு பலகையின் நேரச் சோதனையும் இருந்தால்தான் பல்பைக் கழற்றி ஒயரை மாட்டலாம்.