காலை 6 மணிக் கட்டம் யாருடையது?

உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நண்பர் எடுத்த வீடியோவுக்கு பிரீமியர் நேரம் குறிக்க உட்கார்ந்தோம். யூடியூப் ஸ்டுடியோவில், பார்வையாளர்கள் எப்போது யூடியூபில் இருக்கிறார்கள் என்று ஒரு படம் உண்டு. கடைசி 28 நாள் கணக்கை நம்மூர் நேரத்தில் ஊதாக் கட்டங்களாகக் காட்டும். இரவு 8 மணி அடர்த்தி. சரி, அது நம்மாட்கள். காலை 6 மணிக்கும் ஓர் அடர்த்தி இருந்ததே, அது யாரு?

என் குறையே இதுதான். எல்லா நாட்டையும் ஒரே கட்டத்தில் கொட்டிவிடுகிறது. கோடையில் நமக்குக் காலை 6 என்றால் டொராண்டோவில் முந்தைய நாள் இரவு 8.30. பால் வாங்கப் போகிறவரா, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த கனடாக்காரரா, படம் சொல்லாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். இங்கே அந்த வழக்கமில்லை. அடர்த்தி 7 மணிக்கு நகர்ந்தால் கனடா, அப்படியே நின்றால் நம்மூர். ஆனா 28 நாளைச் சேர்த்துக் காட்டுவதால் டிசம்பர் தொடக்கம் வரை கலங்கலாத்தான் தெரியும்.

எங்களுக்கு நகர்ந்தது. ஞாயிறு காலை 7 மணிக்கு வைத்தோம். லண்டனில் அப்போது இரவு 1.30. அவர்கள் எழுந்தபிறகு சாதா வீடியோவாகப் பார்த்துக்கொள்ளட்டும்.