ஒரே சுழியோடி, இரண்டு முகம்

திருகோணமலையில் சுழியோடும் தொழிலுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று துறைமுகத்துக் கப்பல்களின் அடிப்பகுதியைப் பரிசோதிக்கும் வேலை. மற்றது நிலாவெளியிலிருந்து உல்லாசப் பயணிகளைப் புறாத்தீவுக்கு அழைத்துப்போய்ப் பவளப்பாறை காட்டுவது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம்.

துறைமுகத்துக்கு அவர் எழுதுவது: “சுழியோடி. 8 வருட அனுபவம். 30 மீற்றர் ஆழம் வரை சுழியோட்டம். கப்பல் அடிப்பகுதிப் பரிசோதனை. சான்றிதழ் நடப்பில் உள்ளது.” பெயரடை ஒன்றுகூட இல்லை. வாசிப்பவர் தேடுவது ஆழம், வருடம், சான்றிதழ். அவை கண்ணில் பட்டால் போதும்.

நிலாவெளிக்கு: “8 வருடமாகத் தண்ணிக்குள்தான் குடித்தனம். கடலுக்குள் வழி தவறியதில்லை. கோட்டை மான்கள் மறித்தால்தான் தாமதம்.” பிரெட்ரிக் கோட்டையில் புள்ளிமான்கள் உலாவுவதைப் பார்த்த எவரும் சிரிப்பார்கள். சிரிப்புக்குள்ளே 8 வருடமும், வழி தெரிந்தவர் என்ற செய்தியும் பத்திரமாக இருக்கின்றன.

ஆனால், “சுறா வந்தால் நான்தான் முதலில் ஓடுவேன்” என்று அவர் சேர்த்தால்?

புறாத்தீவில் கருமுனைச் சுறாக்கள் உண்மையிலேயே உண்டு. முதன்முறை கடலில் இறங்குகிறவர் அந்த வரியில் சிரிக்க மாட்டார், வேறு வழிகாட்டியைத் தேடுவார். தாமதத்தைக் கேலி செய்யலாம், வெயிலில் கறுத்த முகத்தைக் கேலி செய்யலாம். எதை நம்பிக் காசு கொடுக்கிறார்களோ, அதைக் கேலி செய்தால் நிலாவெளியிலும் வேலை கிடைக்காது.